555 புத்தகத்தில் ஒளிந்திருக்கும் அத்தியாயங்கள்

கேள்வி: எங்கள் தாத்தாவும் பாட்டியும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினார்கள். இப்போது அங்கே லயமும் இல்லை, ரப்பர் மரமும் இல்லை, எல்லாம் செம்பனை. குடும்பச் சமையலை நூலாக்க இரண்டு வருடமாகச் சேர்க்கிறேன். 71 சமையல் குறிப்புகள், ஏறக்குறைய 200 புகைப்படங்கள், பெரியம்மாவும் (79 வயது) சின்னம்மாவும் (71) பேசிய ஒலிப்பதிவு ஒன்பது மணி நேரம், 2009-இல் தவறிய அம்மா கைப்பட எழுதிய சமையல் நோட்டு, தாத்தாவின் மூன்று 555 கடன் புத்தகங்கள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. தலைமுறைக்கு ஓர் அத்தியாயம் என்று நினைத்தேன். கோலாலம்பூரில் இருக்கும் தம்பி, சோறு, குழம்பு, பலகாரம் என்று பிரித்தால் போதும் என்கிறான். கடன் புத்தகத்தைப் போட்டால் மானம் போய்விடும் என்கிறார் பெரியம்மா. கருவாட்டுக் குழம்பில் பிளாச்சான் என்னும் இறால் விழுது உண்டா இல்லையா என்ற சண்டையில் அவரும் சின்னம்மாவும் பேசிக்கொள்வதே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த அசல் சமையல்தானே நூலில் இருக்க வேண்டும்? பட்டியலையும் கடன் புத்தகத்தின் 12 பக்கங்களையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பட்டியலை 71 துண்டுச் சீட்டுகளில் எழுதி, இரவுச் சாப்பாடு முடிந்த மேசையில் பரப்பினேன். குடும்ப நூல்களைத் தொகுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். மனத்துக்குள் எந்த வரிசையும் அழகாகத்தான் இருக்கும். சீட்டைக் கையில் எடுத்து இது எந்தக் குவியலுக்குப் போகும் என்று தேடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

முதலில் நீங்கள் சொன்ன தலைமுறை வரிசையில் அடுக்கினேன். கொள்ளுத்தாத்தா காலத்துக்கு 4 சீட்டு, தாத்தா பாட்டிக்கு 19, அம்மா தலைமுறைக்கு 15, உங்கள் தலைமுறைக்கு 33. அந்த 33-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேக்கும் பாஸ்தாவும். நூலின் கனம் முழுவதும் கடைசியில் போய்க் குவிந்துவிட்டது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரசம் மூன்று தலைமுறையிலும் வருகிறது. அதை எங்கே வைப்பீர்கள்? முன்பு ஒரு குடும்பத்துக்கு இப்படித்தான் தலைமுறை, கிளை என்று பிரித்து நூல் செய்து கொடுத்தேன். வெளியீட்டன்று ஒரு மாமா முன்வரிசையில் உட்கார்ந்து, யார் கிளைக்கு எத்தனை பக்கம் என்று விரல் விட்டு எண்ணினார். தலைமுறை என்பது வம்சாவளிப் படத்துக்கு ஏற்ற வரிசை. அதற்கு ஒரு பக்கம் போதும்.

தம்பி சொல்வதும் தவறில்லை. சாம்பார் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுகிறவருக்கு அது உதவும். ஆனால் அந்த வேலையை நூலின் கடைசியில் ஓர் அகரவரிசைப் பட்டியல் செய்துவிடும். குழம்பு என்ற தலைப்புக்குக் கீழே பத்துக் குழம்புகள் வரிசையாக நிற்கும்போது, அந்தக் குழம்பை ஏன் அன்றைக்கு வைத்தார்கள் என்ற கதைக்கு உட்கார இடம் இருக்காது.

கடன் புத்தகம் சொல்லும் வரிசை

நீங்கள் குவியலோடு குவியலாகச் சொல்லிவிட்டுப் போன 555 புத்தகம்தான் என்னை இரவு ஒரு மணி வரை தூங்கவிடவில்லை. நீங்கள் அனுப்பிய 12 பக்கங்களும் 1977, 78-ஐச் சேர்ந்தவை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஒரு நாள் குறுக்கே கோடு கிழித்து ‘கட்டியாச்சு’ என்று எழுதியிருக்கிறது. அதுதான் சம்பள நாள். அந்தக் கோட்டிலிருந்து வாரங்களை எண்ணிக்கொண்டு வாருங்கள். கோட்டுக்கு அடுத்த வரிகளில் பச்சரிசி, உளுந்து, நல்லெண்ணெய், ரவை. இரண்டாம் வாரத்துக்குப் பிறகு உளுந்தைக் காணோம். மைசூர்ப் பருப்பும் சார்டின் டின்னும் வருகின்றன. கடைசி வாரத்தில் கோதுமை மாவு ஒரு காத்தி, நெத்திலி, கருவாடு, அரைமூடித் தேங்காய், உப்பு. ஒரு வீட்டின் அடுப்பு மாதம் முழுக்க எப்படி எரிந்தது என்பதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. நினைவில் தங்கியிருப்பது விருந்துச் சாப்பாடு மட்டும். கடைக்காரர் எழுதிவைத்தது அன்றாடச் சாப்பாட்டை.

சீட்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். சம்பள வாரத்துக்கு 14 வந்தது. நடு மாதத்துக்கு 11. கை வறண்ட கடைசி வாரத்துக்கு 17. ஏழ்மையான வாரத்துக்குத்தான் அதிகச் சமையல், கவனித்தீர்களா? மாவைக் கரைத்து ஊற்றியது, நெத்திலியை வறுத்தது, பருப்பை நீட்டியது என்று இல்லாததை வைத்துச் சமைக்கும்போதுதான் பாட்டியின் கை வித்தை தெரிகிறது. தீபாவளிக்கு முந்திய பக்கத்தில் கணக்கு திடீரென்று எகிறுகிறது. தோட்டத்தில் தீபாவளி முன்பணம் கொடுத்திருப்பார்கள். முறுக்கு, அதிரசம் என்று 8 சீட்டுகள் அங்கே போய் உட்கார்ந்துவிட்டன.

மீதியில் 9 சீட்டுகளுக்கான பொருள் கடன் புத்தகத்தில் எங்குமே இல்லை. முருங்கைக் கீரை, வாழைப்பூ, மரவள்ளிக்கிழங்கு, கிழங்கின் கொழுந்து இலை, வாய்க்கால் மீன். காசு கொடுக்காமல் வீட்டுக்கு வந்தவை இவை. அவற்றுக்கு ‘கடையில் வாங்காதவை’ என்று ஓர் அத்தியாயம் வையுங்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கொள்ளுத்தாத்தா தலைமுறையின் 4 சீட்டில் 3 தானாக இங்கே வந்துவிடுகின்றன. தலைமுறை வரிசையில் ஒல்லியாக நின்ற அவர்களுக்கு இங்கே கௌரவமான இடம் கிடைக்கிறது.

இதுவரை 59. மிச்சம் 12 சீட்டும் அந்தக் கேக், பாஸ்தா வகையறா. விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகள் அழுதால் கடைசியில் நாலு பக்கம் ஒதுக்குங்கள்.

இந்த வரிசைக்கு ஒரு வரம்பும் உண்டு. மூன்று புத்தகமும் ஒரே வீட்டின் சில வருடங்களை மட்டும் காட்டுகின்றன. ரொக்கம் கொடுத்து வாங்கியது எதுவும் அதில் ஏறியிருக்காது. சம்பளத்தன்று வாங்கிய ஆட்டிறைச்சி உங்கள் 12 பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆகவே அத்தியாயங்களைக் கடன் புத்தகத்திலிருந்து எடுங்கள், நிரப்புவதை ஒலிப்பதிவிலிருந்து நிரப்புங்கள். பெரியம்மாவிடம் இனி ‘அப்போ என்ன சமைப்பீங்க’ என்று கேட்காதீர்கள், பதில் பொதுவாகவே வரும். ‘சம்பளத்துக்கு முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேளுங்கள். இன்னொரு கேள்வியும் அவரிடம் மட்டும்தான் கேட்க முடியும். 1948 ஜூன் 16 அன்று உங்கள் ஊர்ப் பக்கத்தில் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொட்டு அவசரகாலம் பிரகடனமாகி 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்தவர்களுக்கு உணவு போகக்கூடாது என்று அரிசிக்குப் பங்கீடு வைத்தார்கள். பல இடங்களில் கடையில் விற்ற டின்னை ஓட்டை போட்டுத்தான் கொடுத்தார்கள், வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போகவும் தடை இருந்தது. பெரியம்மா அப்போது சிறுமி. ‘வெட்டுக்குப் போறவங்க எங்கே பசியாறினாங்க?’ என்ற ஒரு கேள்வி போதும்.

அசல் எது?

இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். ஊரிலிருந்து வந்த சமையல்தான் அசல், செராயும் பிளாச்சானும் இங்கே வந்து ஒட்டிக்கொண்ட கலப்படம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஊர்க் கிராமத்துச் சமையலை அங்கே இருப்பவர்கள் உங்களைவிட நன்றாக எழுதிவிடுவார்கள். சுங்கை சிப்புட் லயத்தில் கடைசி வாரத்தில் என்ன கொதித்தது என்பதை எழுத உங்களைத் தவிர ஆள் இல்லை.

பிளாச்சான் வழக்குக்குச் சாட்சியும் உங்களிடமே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்களில் நான்காவதிலும் ஒன்பதாவதிலும் ‘பிளாச்சான் 20 காசு’ என்று இருக்கிறது. இரண்டுமே மாதக் கடைசி. அந்த வருடங்களில் பெரியம்மா கல்யாணமாகிப் போய்விட்டாரா என்று பாருங்கள். சின்னம்மாவுக்கு அப்போது இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது. வீட்டில் கரண்டி பிடித்தது அவராகவே இருந்திருக்கலாம். அப்படியானால் பெரியம்மாவுக்குத் தெரிந்தது முந்திய குழம்பு, சின்னம்மாவுக்குத் தெரிந்தது பிந்திய குழம்பு. இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள். ஆனாலும் ஓர் எச்சரிக்கை. அந்த வரி பிளாச்சான் வாங்கியதை மட்டும் நிரூபிக்கிறது. அது குழம்பில் விழுந்ததா, சம்பாலில் விழுந்ததா என்பதைப் புத்தகம் சொல்லாது.

நூலில் இரண்டு குழம்பையும் முழுதாக அச்சிட வேண்டாம். 1977-இன் வரிசையில் போவதால் சின்னம்மாவின் குழம்பை முழுமையாகப் போட்டு, அடியில் பெரியம்மா பெயரோடு இரண்டு வரி: அவர் எதைச் சேர்க்கமாட்டார், அதற்குப் பதிலாக என்ன செய்வார்.

கண்ணளவைக் கிராமுக்குக் கொண்டுவருவது

அந்தக் குழம்பையே வைத்துச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் அது ‘மரவள்ளிக்கிழங்கு போட்ட கருவாட்டுக் குழம்பு: கிழங்கு ஒரு காத்தி, கருவாடு ஒரு கை, புளி தேவைக்கு, உப்பு தேவைக்கு’ என்று இருக்கிறது. காத்தி எளிது, சுமார் 605 கிராம். கைக்கும் தேவைக்கும்தான் வேலை.

சின்னம்மா சமைக்கும்போது குறுக்கே நின்று ‘இது எத்தனை கரண்டி’ என்று கேட்காதீர்கள். கேட்ட உடனே கை தடுமாறும், அளவு மாறும். சமைப்பதற்கு முன் உப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்ப் போத்தல், புளி உருண்டை எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி போடுங்கள். குறைந்தது எவ்வளவோ அதுதான் அவர் போட்டது. அரிசி அளக்கும் பழைய பால் டின்னுக்கும் இதே தந்திரம்தான்: வெறும் டின்னை எடைபோட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மறுபடி போடுங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர். வேறு வேறு நாளில் மூன்று தடவை சமைக்க வையுங்கள். உப்பு மூன்று தடவையும் வேறாக வந்தால் பயப்பட வேண்டாம். கருவாட்டின் உப்பு வேறுபட்டிருக்கும், அவர் ருசி பார்த்துக் குறைத்திருப்பார். அப்போது நூலில் எண்ணைப் போடாமல், ‘கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள், குழம்பு இறக்கும் முன் ருசி பார்த்து உப்பிடுங்கள்’ என்று எழுதுவதுதான் சரி.

அளவைவிட நழுவிப் போவது வரிசை. அவர் கிழங்கை வேகவைத்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்றுவார், பாருங்கள். கேட்டால் காரணம் சொல்லமாட்டார். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் கிழங்கு சீக்கிரம் குழையாது, நறுக்கென்று நிற்கும். அதேபோல் முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குவார். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். ‘எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிடவும்’ என்று ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எழுதினால் இந்த இரண்டும் போய்விடும்.

பாட்டி சொல்லாமலே செய்த ஒன்றை நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, கசப்பு வகையில் கூடுதல். மேல்தோலோடு உள்ளிருக்கும் தடித்த தோலையும் உரித்து, நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். கசந்தால் சாப்பிடக்கூடாது. கொழுந்து இலையை இடித்து, நீண்ட நேரம் வேகவைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். லயத்தில் பிறந்தவருக்கு இது மூச்சு விடுவது மாதிரி. கிழங்கைச் சூப்பர் மார்க்கெட்டில் முதல் தடவை பார்க்கும் பேத்திக்குத் தெரியாது.

எழுதியதைச் சோதிக்க, அந்தக் குழம்பைச் சாப்பிட்டே இராத ஒருவரிடம் கொடுத்துச் சமைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக்கூடாது. அவர் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு வாக்கியம் குறைகிறது.

படங்கள்

200-இல் 40 போதும். சாப்பாட்டைப் புதிதாகப் படம் எடுக்கும் யோசனையைத் தள்ளிவையுங்கள். பழைய படங்களில் ஆட்களுக்குப் பின்னால் பாருங்கள்: அம்மி, விறகடுப்பு, லயத்து வாசல், தோளில் மாட்டிய டிபன் கேரியர். இந்த நூலுக்கு வேண்டியது அதுதான். சிறிய படங்களை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டும் அட்டை ஆல்பத்தில் இருப்பதை நகத்தால் பிய்க்காதீர்கள். மெழுகு பூசாத பல் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுப்பதுபோல் இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ஆல்பத்தோடு வைத்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். பின்பக்கத்தில் பேனாவால் எழுதக்கூடாது. மென்மையான பென்சிலால் எண் மட்டும், பெயர்கள் தனித் தாளில்.

பெயர்களைப் பெரியம்மாவிடமும் சின்னம்மாவிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள். முன்பு ஒரு நூலில் ஒரே ஒருவரை நம்பி, அக்காள் பெயரைத் தங்கைக்கும் தங்கை பெயரை அக்காளுக்கும் போட்டுவிட்டேன். அச்சாகி வந்த நூறு பிரதியிலும் உட்கார்ந்து ஒட்டுத்தாள் ஒட்டினேன்.

யாருக்கு என்ன உரிமை?

‘என் குழம்பை எழுதாதே’ என்று யாராவது சொன்னால் சட்டம் அவர் பக்கம் இல்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் செய்முறைக்கும் யோசனைக்கும் பாதுகாப்புத் தருவதில்லை. அதை ஒருவர் எழுதிய வாக்கியங்களுக்குத் தருகிறது, எழுதியவர் காலமான பிறகும் 50 ஆண்டுக்கு. ஆகவே அம்மாவின் நோட்டிலிருந்து பக்கங்களை அப்படியே அச்சிடுவதாக இருந்தால், அவர் இருந்தபோது வெளியாகாத எழுத்து என்பதால் அந்த 50 ஆண்டை முதலில் வெளியாகும் வருடத்தின் முடிவிலிருந்துதான் எண்ணுவார்கள், அந்த உரிமை அவருடைய வாரிசுகளுடையது. உங்களுடையது மட்டும் இல்லை, தம்பியுடையதும்தான். குடும்பத்துக்குள் முப்பது பிரதி என்றாலும் சரி, விலைக்கு விற்பதென்றாலும் சரி, ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவில் பேசிய இருவரிடமும் வாங்குங்கள். அவர்கள் சொன்னது அச்சுக்குப் போகும் முன் படித்துக் காட்டுங்கள், நீக்கச் சொன்னதை நீக்குங்கள்.

பெரியம்மாவின் மானப் பிரச்சினைக்கு வருகிறேன். அவர் சொல்வதை வறட்டுக் கௌரவம் என்று தள்ளமாட்டேன். கடைக்காரர் முன் கைகட்டி நின்றது தாத்தா மட்டும் இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிய பிள்ளை அவராகவும் இருந்திருக்கலாம். உங்கள் முன் மூன்று வழி இருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் போடுவது, நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒன்றையும் காட்டாமல் அத்தியாய வரிசையை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்வது. அவர் பிடிவாதமாக மறுத்தால் அதுவே போதும், நூல் நிற்கும். நடுவழி ஒன்று: ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முகப்பாக ஒரே ஒரு பக்கம், கடையின் பெயரையும் மொத்தத் தொகையையும் மறைத்து, பொருள்களின் பெயர் மட்டும் தெரியும்படி. கடைக்காரரின் பிள்ளைகளும் அதே ஊரில் இருப்பார்கள் என்பதால் கடைப் பெயரை எப்படியும் மறைக்கத்தான் வேண்டும்.

கேட்பதற்கு முன் அவரிடம் ‘கட்டியாச்சு’ என்று கோடு கிழித்த வரிகளைக் காட்டுங்கள். நீங்கள் அனுப்பிய 12 பக்கத்தில் ஒரு மாதம்கூட அந்தக் கோடு தவறவில்லை. தாத்தா ஒரு சம்பளத்திலும் பாக்கி வைக்கவில்லை என்பதைப் பெரியம்மா இன்னும் கவனித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

பிளாச்சான் வரியையும் அதே நாளில் காட்டலாம். சின்னம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் காட்டுங்கள்.